கைரேகை வைத்துக் கழிந்த பணம் திரும்பாதா?

“வங்கியின் முகவரான வங்கி மித்ராவிடம் கைரேகை வைத்துப் பணம் கைக்கு வராவிட்டால், கணக்கில் கழிந்தது கழிந்ததுதான். வங்கி தராது. எல்லோருக்கும் பகிருங்கள்!” என்று ஒரு செய்தி பரவுகிறது.

தவறு. ரிசர்வ் வங்கியின் 20.09.2019 சுற்றறிக்கைப்படி, பரிவர்த்தனை தோற்றும் கணக்கில் கழிந்த தொகையை 5 நாளுக்குள் திருப்ப வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 3ஆம் தேதி கழிந்த 2,000 ரூபாய் 11ஆம் தேதி வந்தால், கூடவே 300 ரூபாயும் வரவேண்டும். ரிசர்வ் வங்கி இணையதளத்தில் பார்க்கலாம்.

ஆனால் ‘தோல்வி’ என்று வந்தாலும் ரசீதை வாங்குங்கள், பலர் விடுவது இங்கேதான். தேதி, தொகை, பரிவர்த்தனையை அடையாளம் காட்டும் ஆர்.ஆர்.என். எண் அதில் இருக்கும். அந்தத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கும், படமெடுத்து வையுங்கள். புகாரை உங்கள் கணக்குள்ள வங்கியில் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் புகார் கொடுங்கள்.

அந்தச் செய்தியை இனிப் பகிர வேண்டாம்.