கன்வெர்ட் பண்ணியாச்சு, ஆனா தேடினா ஒண்ணும் கிடைக்கல

போன மாசம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல இருக்கற எங்க பெரியப்பா வீட்ல அலமாரியை ஒழிக்கும்போது ஒரு சிடி கிடைச்சது, அவங்க சங்கத்தோட பழைய ஆண்டு மலர் அதுல வேர்ட் ஃபைலா இருக்கு. திறந்தா முதல் பக்கமே `Nfhyhyk;G+h;`னு நிக்குது. வைரஸ் புடிச்சிருச்சு தூக்கிப் போடுன்னாங்க பெரியம்மா. வைரஸ் இல்ல, அது கோலாலம்பூர்தான்.

இங்க பாதிப் பேர் முரசு அஞ்சல்ல அடிச்சவங்க, ஆனா பெரியப்பா யாழ்ப்பாணத்து வழி, டைப்ரைட்டர்ல பழகின கை, அதனால இங்கிலீஷ் எழுத்து இடத்துல தமிழைக் காட்டற பழைய பாமினி எழுத்துரு. எந்த எழுத்துருன்னு ஊகிக்கவே வேணாம், அந்த எழுத்துரு உங்க கம்ப்யூட்டர்ல இல்லாட்டியும் வேர்ட்ல மேல ஃபாண்ட் பேர் வர்ற கட்டத்துல `Bamini`னு காட்டும். அதனாலதான் சொல்றேன், நோட்பேட்ல காப்பி பண்ணி வச்சுட்டு ஒரிஜினலை அழிச்சுடாதீங்க, அந்தப் பேர் போயிரும்.

பாமினியை யூனிகோடா மாத்தறதுக்கு நெட்ல கிடைக்கற கன்வெர்ட்டர்ல மொத்தத்தையும் கொட்டினேன், அங்கதான் முதல் கூத்து. மலர்ல நடுநடுவுல இங்கிலீஷ் இருந்துச்சு, கன்வெர்ட்டருக்கு ஃபாண்ட் தெரியாது, எழுத்து மட்டும்தான் தெரியும், அதனால `Kuala` போய் "முரயடய" ஆயிருச்சு. பாமினில கமா விசைதான் "இ", அதனால நன்கொடை 1,500 வெள்ளி 1இ500 வெள்ளியா மாறிருச்சு! அப்புறம் வேர்ட்ல Replace போய், Times New Roman-ல இருக்கறதுக்கெல்லாம் மஞ்சள் ஹைலைட் போட்டுட்டு, மிச்சத்தை மட்டும் மாத்தினேன்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரியற தப்பு, பரவால்ல. தெரியாத தப்புதான் ஆபத்து. எல்லாம் முடிஞ்சு நல்லா படிக்க வருதுன்னு சந்தோஷமா "ஆசிரியர்"னு தேடினேன், ஒண்ணுகூட இல்ல. ஆனா பக்கத்துக்குப் பக்கம் ஆசிரியர்தான், கண்ணு முன்னாடி இருக்கு. ஏன்னா பாமினில அந்தச் சொல் `Mrphpah;`. ர-வுக்கு மேல புள்ளியோ, ி, ீ குறியோ வந்தா அந்த ர-வோட கீழ் வாலை விட்டுட்டு வெறும் காலா எழுதறது பழைய வழக்கம், டைப்ரைட்டர்லயும் அப்படித்தான், அதனால `h`ங்கற ஒரே விசை காலுக்கும் உண்டு ர-வுக்கும் உண்டு. கன்வெர்ட்டர் எல்லாத்தையும் கால்னு எடுத்துக்கிட்டு "ஆசிாியா்"னு குடுத்துருச்சு. பல எழுத்துருல பார்க்க அச்சு அசல் ஆசிரியர் மாதிரியே இருக்கும், உள்ள ர-வே இல்ல.

இதுல இன்னும் ஒரு சிக்கல் இருக்கு. பாமினில ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு முன்னாடி வரும், யூனிகோட்ல எழுத்துக்குப் பின்னாடி. "தெரியும்" `njhpAk;`னு இருக்கு, கன்வெர்ட்டர் முதல் மூணு எழுத்தையும் பார்த்ததும் "தொ"ன்னு சேர்த்துரும், மிச்சம் ஒட்டி "தொியும்" ஆயிரும். அதே மாதிரி "பேர்" "போ்" ஆயிரும். பெரிய செய்தித் தளங்கள்லயே "5 போ்"னு பார்த்திருப்பீங்க, எல்லாம் இந்த வழில வந்ததுதான்.

நல்லவேளை, காலுக்கு மேல புள்ளியோ ி, ீ குறியோ வர்ற சொல் தமிழ்ல கிடையவே கிடையாது. அதனால அந்த ஜோடியைக் கண்ட இடமெல்லாம் ர போட்டுரலாம், யோசிக்கவே வேணாம். கன்வெர்ட்டர் குடுத்ததை `s`-ல வச்சுட்டு நான் பண்ணது இவ்வளவுதான்:

```python
import unicodedata
s = unicodedata.normalize("NFC", s)
for a, b in [("ோ", "ே"), ("ொ", "ெ"), ("ா", "")]:
    for m in "்ிீ":
        s = s.replace(a + m, b + "ர" + m)
```

முதல்ல அந்த NFC வரி எதுக்குன்னா, சில கன்வெர்ட்டர் "ொ"வை ஒரே குறியா தராம கொம்பும் காலுமா ரெண்டா தரும், அதை ஒண்ணாக்கிட்டாத்தான் அடுத்த வரிக்குக் கண்ணு தெரியும். இது ஓடின பிறகு தேடினேன், ஆசிரியர்கள் எல்லாரும் வரிசையா வந்துட்டாங்க, பெரியப்பாவும் வந்தார்.

ஆனா ஒண்ணு மட்டும் இதுல அடங்கல. பாமினில ஔகாரத்தோட பின்பாதியும் ள-வும் ஒரே விசை, `s`. "வெள்ளி"யையும் "கௌரவ"த்தையும் அது வேற வேறன்னு பார்க்காது. சில கன்வெர்ட்டர் வெள்ளியை "வௌ்ளி" ஆக்கும், என் கன்வெர்ட்டர் அதைச் சரியா விட்டுட்டு கௌரவத்தை "கெளரவ"ன்னு ள போட்டு எழுதிருச்சு. சங்கத்து மலர்ல கௌரவத் தலைவர், கௌரவச் செயலாளர், கௌரவப் பொருளாளர்னு எத்தனை கௌரவம் இருக்கும்னு நான் சொல்லணுமா. ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து ஒவ்வொண்ணா கையால மாத்தினேன்.