ஆள் குறைவான கேமில் ரேட்டிங்

"ஆள் குறைவான கேமில் ரேட்டிங் பார்த்து ஜோடி சேர்த்தால் காத்திருந்தே சலித்துப் போகாதா?"

எல்லையை இறுக்கிப் பிடித்தால் சலித்துத்தான் போகும். பினாங்கில் நாங்கள் சில பேர் நடத்தும் கேரம் கேமில் முதலில் 50 புள்ளி வித்தியாசத்துக்குள் தேடுகிறோம். ஆள் கிடைக்காவிட்டால் 5 வினாடிக்கு ஒருமுறை 25 கூட்டி, 200-இல் நிறுத்திக்கொள்கிறோம். அதாவது அரை நிமிடம். சாயங்காலம் அவ்வளவு நேரமே ஆகாது. ராத்திரி 2 மணிக்குத்தான் 1400-காரரும் 1200-காரரும் மோத வேண்டிவரும்.

ஜெயிப்பு தோல்வியை வைத்து ரேட்டிங்கை ஏற்றி இறக்கும் எலோ கணக்கு அதை ஓரளவு சரிக்கட்டிவிடும். 200 வித்தியாசத்தில் பெரியவர் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 76 சதவீதம். ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் எத்தனை புள்ளி மாறலாம் என்பதற்கான K மதிப்பு 32 என்றால், ஜெயித்தால் அவருக்கு 8 புள்ளிதான். தோற்றால் 24 போச்சு. சின்னவர் தோற்றாலும் 8-க்கு மேல் இழக்கமாட்டார்.

உண்மையான தலைவலி புதுக் கணக்கில் வரும் கில்லாடிகள். எல்லோரும் 1200-இல்தானே தொடங்குகிறார்கள்! அதனால் முதல் சில ஆட்டங்களுக்கு மட்டும் K-வை 64 ஆக்குங்கள், சீக்கிரம் மேலே போய்விடுவார்கள். அப்புறம் பதிவுகளைப் பாருங்கள்: 200 வித்தியாச ஆட்டங்களில் பெரியவர் 76-க்குப் பதில் 90 சதவீதம் ஜெயிக்கிறார் என்றால், ரேட்டிங் இன்னும் திறமையை எட்டிப் பிடிக்கவில்லை.