வயிற்றுப்போக்குக் குழந்தையின் எடையை வளர்ச்சி வரைபடத்தில் எப்போது குறிப்பது?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து மருத்துவ மாணவர்களுக்குக் குழந்தைகள் நலச் செய்முறைத் தேர்வு நெருங்கும்போதெல்லாம், வயிற்றுப்போக்கோடு வந்த மெலிந்த குழந்தை ஒன்று நிச்சயம் ஏதாவதொரு கட்டிலில் இருக்கும். மாணவர்கள் நீரிழப்பின் நிலையைத் தனி விடையாகவும் ஊட்டச்சத்துக் குறைபாட்டின் நிலையைத் தனி விடையாகவும் மனப்பாடம் செய்து வருகிறார்கள். என் கருத்தில் அந்தக் குழந்தையிடம் இவை இரண்டும் ஒரே கேள்விதான். நீரை இழந்த குழந்தையின் எடை குறைவதால் வரைபடம் குறைபாட்டை மிகைப்படுத்திக் காட்டும். கொழுப்பை இழந்த குழந்தையின் தோலும் கண்ணும் இல்லாத நீரிழப்பை இருப்பதாகக் காட்டும். எனவே எதை முதலில் பார்ப்பது என்பதே விடையைத் தீர்மானிக்கிறது.

தேர்வில் வைக்கத்தக்க ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். காங்கேயம் பக்கத்துக் கிராமம். பதினெட்டு மாத ஆண் குழந்தை. தாய் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குச் செல்வதால் குழந்தையோடு இருப்பவர் அம்மாயி. இரண்டு நாட்களாகத் தண்ணீராகப் பேதி போகிறது. குழந்தை சிணுங்கிக்கொண்டே இருக்கிறது, கிண்ணத்தைக் காட்டினால் பாய்ந்து குடிக்கிறது, கண்கள் குழிந்திருக்கின்றன. தொப்புளுக்கும் விலாப்பக்கத்துக்கும் நடுவில், உடலின் நீளவாக்கில் தோலை மடித்துப் பிடித்து விட்டால், உடனே படியாமல் மெதுவாக, ஆனால் இரண்டு நொடிக்குள் படிகிறது. எடை 7.3 கிலோ, படுக்கவைத்து அளந்த நீளம் 75 செ.மீ., மேற்கையின் நடுச் சுற்றளவு 11.9 செ.மீ., இரு பாதங்களிலும் வீக்கம் இல்லை.

பெரும்பாலான மாணவர்கள் உடனே உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வரைபடத்தை விரிக்கிறார்கள். 75 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்குக் கடுமையான மெலிவின் எல்லையான மைனஸ் 3 கோடு 7.5 கிலோவிலும் மிதமான மெலிவின் எல்லையான மைனஸ் 2 கோடு 8.1 கிலோவிலும் இருக்கிறது. 7.3 கிலோ கீழ்க்கோட்டுக்கும் கீழே விழுவதால், "கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு" என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கில் தவறில்லை, ஆனால் அந்த 7.3 கிலோ, பேதியில் போன நீரைக் கழித்த எடை. நீளத்துக்கேற்ற எடையை நீரிழப்புச் சரியான பிறகே முடிவாகக் கொள்ள வேண்டும்.

முதலில் நீரிழப்பை எடைபோடுவோம். சிணுங்கல், குழிந்த கண், தாகம், மெதுவாகப் படியும் தோல் ஆகிய நான்கில் இரண்டு இருந்தாலே "ஓரளவு நீரிழப்பு" என்ற வகைக்குள் குழந்தை வந்துவிடும். இக்குழந்தையிடம் நான்கும் இருக்கின்றன. மயங்கிக் கிடப்பது, குடிக்க முடியாமை, தோல் படிய இரண்டு நொடிக்கு மேலாவது ஆகியவை இல்லாததால் கடும் நீரிழப்பு இல்லை. ஆனால் இந்தக் குழந்தை மெலிந்தது என்பதை மறக்கக் கூடாது. கண்ணுக்குப் பின்னாலுள்ள கொழுப்புக் கரைந்தாலும் கண் குழியும். தோலடிக் கொழுப்புக் கரைந்தாலும் மடிப்பு மெதுவாகவே படியும். அதனால் இந்த இரண்டு அறிகுறிகளையும் வீட்டாரிடம் கேட்டே உறுதி செய்ய வேண்டும். "ஏனுங்கம்மா, பையன் கண்ணு எப்போதும் இப்படித்தானுங்களா?" என்று கேட்டால், "இல்லீங்க, நேத்து சாயங்காலத்திலிருந்துதானுங்க குழி உழுந்துருச்சு" என்று அம்மாயி சொல்வது எந்த அளவுகோலும் தராத சான்று. "பொறந்ததிலிருந்தே இப்படித்தானுங்க" என்று சொல்லியிருந்தால் அந்தக் கண்ணைக் கணக்கில் சேர்த்திருக்கக் கூடாது. கூடவே, கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்றும் கேட்க வேண்டும். தாகமும் புதிதாகத் தொடங்கிய பேதியும் மெலிவால் வருபவை அல்ல என்பதால், மெலிந்த குழந்தையிடம் நான் அதிகம் நம்புவது இவற்றைத்தான். வீங்கிய குழந்தையிடமும் பருத்த குழந்தையிடமும் நிலைமை தலைகீழ்: நீர் போயிருந்தும் தோல் சட்டென்று படிந்துவிடும்.

அடுத்து எடைக்குத் திரும்பலாம். ஓரளவு நீரிழப்பு என்பது உடல் எடையில் ஏறத்தாழ 5 முதல் 10 சதவீதம் வரை நீர் போனதைக் குறிக்கும். 5 சதவீதம் போயிருந்தால் முந்தைய எடை ஏறத்தாழ 7.7 கிலோ; 10 சதவீதம் போயிருந்தால் 8.1 கிலோ. இந்த இடைவெளியில் எந்த எண்ணை எடுத்தாலும் மைனஸ் 3 கோட்டுக்கு மேலேதான் நிற்கிறது. கைச் சுற்றளவும் அதையே சொல்கிறது: நீரிழப்பால் அது பெரிதாக மாறுவதில்லை, 11.5க்குக் கீழே இருந்தால்தான் கடுமையானது, 11.5 முதல் 12.5க்குள் இருந்தால் மிதமானது. இதற்கு மேலும் ஒரு சாட்சி அம்மாயியின் கைப்பையிலேயே இருக்கிறது. தாய் சேய் நல அட்டையில் ஒன்பதாம் மாதத் தடுப்பூசியின்போது 7.2 கிலோ, பதினாறாம் மாதத்தில் 7.6 கிலோ என்று பதிந்திருந்தால், கோடு ஏழு மாதமாகப் படுத்தே கிடந்திருக்கிறது, இப்போதைய இறக்கம் மட்டும் புதியது என்று புரியும்.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை இல்லை. கொடுக்கும் நீரின் அளவே மாறுகிறது. கடுமையான குறைபாடில்லாத குழந்தைக்கு, கிலோவுக்கு 75 மி.லி. என்ற கணக்கில் ஏறத்தாழ 550 மி.லி. ஓ.ஆர்.எஸ். கரைசலை நான்கு மணி நேரத்தில் கொடுக்கிறோம். கடுமையான குறைபாடுள்ள குழந்தைக்கோ, கிலோவுக்கு 5 மி.லி. வீதம் அரை மணிக்கு ஒருமுறை, முதல் இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ 150 மி.லி. மட்டுமே கொடுத்து, மூச்சையும் நாடியையும் எண்ணிக்கொண்டே முன்னேற வேண்டும். அவசரப்பட்டால் அந்தக் குழந்தையின் இதயம் தாங்காது. நம் குழந்தைக்கு முதல் வழி பொருந்தும் என்பது என் முடிவு. கையளவு எல்லைக்கு மிக அருகில் இருக்கிறதே என்று தயங்கி மெதுவான வழியைச் சொல்லும் மாணவரையும், காரணத்தோடு சொன்னால், நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் சொல்லாமல் 550 என்று மட்டும் எழுதுபவரிடம்தான் எனக்குக் கேள்வி இருக்கிறது.

அளப்பதிலும் ஒரு சொல். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்தே அளக்க வேண்டும். நிற்கவைத்து அளந்தால் ஏறத்தாழ 0.7 செ.மீ. குறைவாக வரும் என்பதால் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முழங்கால் மடங்கியதால் ஒரு செ.மீ. குறைந்தாலே மைனஸ் 3 கோடு 150 கிராம் அளவுக்குக் கீழே நகர்ந்து, மெலிவு குறைவாகத் தோன்றும். அதனால் தலையைப் பிடிக்க ஒருவர், காலைப் பிடிக்க ஒருவர் என இருவர் வேண்டும். அரைஞாணையும் கொலுசையும் கழற்றச் சொல்லத் தயங்கவே கூடாது.

நீர் ஏறி, பேதி குறைந்து, எடை 7.7 கிலோவில் நிலைத்தபின் எழுத வேண்டிய விடை இது: மிதமான மெலிவு, 75 செ.மீ. என்பது பதினெட்டு மாதத்துக்குரிய மைனஸ் 2 கோடான 76.9க்கும் மைனஸ் 3 கோடான 74.2க்கும் இடையில் இருப்பதால் மிதமான வளர்ச்சிக் குட்டை. வயதுக்கேற்ற எடையில் மட்டும் 7.8 என்ற மைனஸ் 3 கோட்டுக்குச் சற்றே கீழே. இந்தக் கடைசி வரியைப் பார்த்து "கடுமை" என்று மீண்டும் வழுக்குபவர்கள் உண்டு. குட்டையும் மெலிவும் சேர்ந்தே வயதுக்கேற்ற எடையைக் குறைக்கின்றன. அந்த ஒரு வரைபடத்தைக் கொண்டு கடுமையான திடீர்க் குறைபாட்டை முடிவுசெய்ய முடியாது.

தேர்வு நடத்துபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: நோயாளியின் தாளில் வந்தபோது இருந்த எடையோடு, நீர் கொடுத்தபின் எடுத்த எடையையும் எழுதி வையுங்கள். எந்த எண்ணை எந்த வரைபடத்தில் வைக்கிறார் என்று பார்த்தாலே, மாணவருக்குப் புரிந்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.