எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்குமா?

“தீப்பொறி படாமல் எண்ணெய்த் துணி எரியாது. யாரோ பீடியைப் போட்டிருப்பார்கள்.”

இது தவறு, ஆபத்தான தவறும்கூட. மரத்துக்குப் பூசும் லின்சீட் ஆயில் ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகிறது, அப்போது சூடு வெளியாகும். துணியை விரித்துப் போட்டால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். கசக்கி மூலையில் எறிந்தால் உள்ளேயே தங்கும். சூடு ஏற ஏற வினையும் வேகமெடுக்கும். மேல்மடிப்பைத் தொட்டால் ஒன்றும் தெரியாது, நடுவில் கைவைத்தால் சுடும். பெயின்ட் போன்ற காட்டமான வாடையும் வரும். சில மணி நேரத்தில் புகையும்.

1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் ஒன் மெரிடியன் பிளாசா கட்டடத்தில் நடந்தது இதுதான். பலகை வேலை செய்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுப்போன லின்சீட் துணிகளில் பற்றிய தீ, 30ஆம் மாடியில் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளர்கள் தடுக்கும்வரை ஏறியது. மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

“எங்கள் ஒர்க்‌ஷாப்பில் இன்ஜின் ஆயில் துணி வருஷக்கணக்கில் கிடக்கிறது” என்று ஓர் அண்ணன் சொல்வது பாதி சரி. இன்ஜின் ஆயில் இப்படிக் காய்வதில்லை. ஆனால் அதே டப்பாவில் லின்சீட் போலவே இறுகும் எண்ணெய் வார்னிஷ் துடைத்த துணியும் விழுகிறதா என்று பாருங்கள்.

நிலக்கரிக் குவியல் தானாகத் தீப்பிடிப்பது ஏன் என்று கேட்ட தங்கைக்கு: அங்கேயும் ஆக்சிஜன்தான் காரணம். வைக்கோல் போரில் முதலில் சூடேற்றுவது ஈரத்தில் பெருகும் நுண்ணுயிர்கள், அது தனிக் கதை.

லின்சீட் துணியை வெளியே ஒற்றையாக விரித்துக் காய வையுங்கள். இல்லையென்றால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள்.