நாலு மணி எண்பது நிமிஷம்

(தண்டையார்பேட்டை. வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற மாமா. பொன்னேரிப் பக்கம் குத்தகைக்கு நெல் போட்டிருக்கும் மாப்பிள்ளை, கிரீஸ் படிந்த சட்டையோடு சாக்குப்பை ஒன்றை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வருகிறார்.)

மாமா: என்ன மாப்பிள்ளை, மெக்கானிக் கடை வைத்துவிட்டீர்களா?

மாப்பிள்ளை: அறுவடை மெஷின் மாமா. காலையில் பெல்ட் அறுந்தது. மத்தியானம் கட்டர் பிளேடு போனது. சாயங்காலம் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்துக் கதிருக்கெல்லாம் எண்ணெய் அபிஷேகம். நெல்லைத் தவிர எல்லாம் அறுந்தது!

மாமா: அட்வான்ஸ்?

மாப்பிள்ளை: 15,000. மணிக்கு 2,500 என்று பேச்சு. திருப்பிக் கேட்டால், மீட்டரில் 4.8 ஓடியிருக்கிறது, அதாவது நாலு மணி எண்பது நிமிஷம் என்கிறார் ஓனர்.

மாமா: எண்பது நிமிஷமா! அந்த மீட்டர் ஒரு மணியைப் பத்துப் பங்காக்கித்தான் காட்டும். 4.8 என்றால் 4 மணி 48 நிமிடம். கணக்கு 12,000. அதுவும் தப்பு. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடினாலும் மீட்டர் ஓடும். உண்மையில் எவ்வளவு நேரம் அறுத்தது?

மாப்பிள்ளை: மூணு மணி நேரம்தான். மிச்சமெல்லாம் சிக்கிய வைக்கோலைப் பிடுங்கியதும், ரிப்பேர் பார்த்து ஓட்டிப் பார்த்ததும்.

மாமா: அத்தாட்சி?

மாப்பிள்ளை: நின்றபோதும் கிளம்பியபோதும் மீட்டரைப் போட்டோ எடுத்து உங்கள் பெண்ணுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். இல்லாவிட்டால் வயலில்தான் இருக்கிறேன் என்று நம்ப மாட்டாள்.

மாமா: என் பெண்ணின் சந்தேகம் உங்களுக்கு 4,500 சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது! மூணு மணிக்கு 7,500 போக, 7,500 வர வேண்டும். ஆனால் சும்மா போனில் "வேண்டாம்" என்று விடாதீர்கள். அப்புறம் நீங்கள்தான் விரட்டிவிட்டீர்கள் என்பார். "நாளை காலை 10 மணிக்குள் ஓடுகிற மெஷின் வர வேண்டும், வராவிட்டால் ஒப்பந்தம் ரத்து" என்று இன்றே எழுத்தில் அனுப்புங்கள்.

மாப்பிள்ளை: வரவில்லை என்றால் வேறு மெஷின். அந்த மெஷின்காரர் மணிக்கு 2,800 கேட்கிறார், இன்னும் அஞ்சு மணி நேர வேலை.

மாமா: மணிக்கு 300 அதிகம், ஆக 1,500. ரசீது வாங்கி அதையும் சேருங்கள். முறையாக ரத்து செய்தவர் நஷ்டம் கேட்கலாம், ஒப்பந்தச் சட்டம் 75ஆம் பிரிவு. மொத்தம் 9,000 கேட்டு, ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ்.

மாப்பிள்ளை: அதற்குள் அவர் மெஷினை ஓட்டிக்கொண்டு போய்விட்டால்?

மாமா: போகட்டும், தடுக்காதீர்கள். மறித்தால் அதற்கும் வாடகை போடுவார், போலீஸுக்கும் போவார். அப்புறம் நீங்கள் பதில் சொல்லும் ஆளாகிவிடுவீர்கள்.

மாப்பிள்ளை: அப்படியா... பேட்டரி இல்லாமல் ஓட்ட முடியாது, இல்லையா மாமா?

மாமா: முடியாது. ஏன்?

மாப்பிள்ளை: ஒன்றுமில்லை. வாசலில் இருக்கிற சாக்கை மட்டும் யாரும் சாய்த்துவிட வேண்டாம், ஆசிட் கொட்டும்.