பால் எமானுவேல் கரை சேர்ந்தாரா?

போன ஞாயிறு எங்கள் வாசிப்புக் குழுவில் கிட்டத்தட்ட சண்டையே வந்துவிட்டது. நாங்கள் ஆறே பேர். மாதம் ஒருமுறை தோ பாயோவில் கூடி, எடுத்துக்கொண்ட புத்தகத்தைப் பேசி முடித்துவிட்டுக் கீழே கோப்பிக்கடையில் ஆளுக்கொரு தே ஓ குடித்துவிட்டுக் கிளம்புவோம். இந்த முறை சார்லட் பிராண்டே 1853இல் வெளியிட்ட 'வில்லெட்'. எங்கள் குழுவில் மூத்தவர், முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற டீச்சர். புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, "ஒரு மனுஷன் உயிரோட வந்தானா இல்லையான்னு சொல்ல மனசில்லாதவங்க எதுக்கும்மா இவ்வளவு பக்கம் எழுதணும்?" என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. அங்கே என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வாரமாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுதிவிடுகிறேன். (படிக்காதவர்களுக்கு: முடிவைப் பற்றித்தான் முழுக்கப் பேசப்போகிறேன்.)

கதை இதுதான். லூசி ஸ்நோ யாருமற்ற பெண். வில்லெட் என்ற ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். அங்கே இலக்கிய ஆசிரியர் பால் எமானுவேல், முன்கோபி, ஆனால் நல்ல மனுஷன். இருவருக்கும் இடையில் அன்பு வருகிறது. இது பிடிக்காத மூன்று பேர், பள்ளியை நடத்தும் மதாம் பெக், பாதிரியார் சிலாஸ், மதாம் வால்ராவன்ஸ் என்ற கிழவி, சேர்ந்து அவரைக் குவாதலூப் தீவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறார்கள். அந்தக் கிழவியின் சொத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று வருஷம். போவதற்கு முன் அவர் லூசிக்கு ஒரு சின்னப் பள்ளிக்கூடம் வைத்துக்கொடுக்கிறார், திரும்பி வந்து கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போகிறார். மூன்று வருஷம் முடிகிறது. அவர் திரும்பும் நாள் நெருங்குகிறது. லூசி அவர் புத்தகங்களை அடுக்கி ஒரு சின்ன நூலகம் செய்து வைத்திருக்கிறாள், அவருக்குப் பிடித்த செடிகளை வளர்த்திருக்கிறாள், சில இன்னும் பூத்திருக்கின்றன. அப்புறம் மேற்கிலிருந்து புயல். ஏழு நாள். அட்லாண்டிக் முழுக்க உடைந்த கப்பல்கள். அந்த இடத்தில் லூசி, போதும், இங்கே நிறுத்திக்கொள்வோம், நம்பிக்கை உள்ளவர்கள் அவர் பிழைத்து வந்ததாகவே நினைத்துக்கொள்ளட்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டு ஒதுங்கிவிடுகிறாள்.

எழுதியவருக்கு முடிவு தெரியாமல் இல்லை. இது ஊகம் இல்லை. சார்லட்டின் தோழி எலிசபெத் காஸ்கெல் 1857இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இதைச் சொல்கிறார். சார்லட்டின் அப்பாவுக்குச் சோகமான முடிவுகள் பிடிக்காது, இந்தக் கதையிலாவது இருவரும் கல்யாணம் செய்துகொண்டு நன்றாக இருக்கட்டும் என்று மகளைக் கேட்டுக்கொண்டார். ஆனால் பால் கடலில் இறந்தது சார்லட்டின் மனதில் நிஜமாகவே நடந்த சம்பவம் போலப் பதிந்துவிட்டது, மாற்ற முடியவில்லை. அப்பாவுக்காக அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அந்தச் சாவைப் பூடகமான சொற்களால் மூடிவைப்பது.

அந்த அப்பா யார் என்று நினைத்துப் பாருங்கள். 1848 செப்டம்பரில் மகன் பிரான்வெல் இறந்தான். அதே டிசம்பரில் எமிலி. அடுத்த மே மாதம் ஆன். எட்டு மாதத்தில் மூன்று பிள்ளைகள். அதற்கும் முன்பே மூத்த பெண்கள் இருவர் சின்ன வயதிலேயே போயாச்சு. மிச்சம் இருந்த ஒரே மகள் அதே வீட்டில் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதுகிறாள், கதையிலாவது யாரையும் சாகவிடாதே என்கிறார் வயதான அப்பா. அவரிடம் போய் "செத்துட்டார்ப்பா" என்று எப்படிச் சொல்வது? "பிழைச்சுட்டார்" என்று பொய் எழுதவும் கை வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த இடம்தான் அந்தக் கடைசிப் பக்கம். நூல் வந்த பிறகு பதிப்பாளருக்கு எழுதிய கடிதத்தில் அவரவர் மனசுக்கு ஏற்றபடி முடிவு செய்துகொள்ளட்டும் என்று விளையாட்டாகச் சொல்லி, அங்கேயும் அந்தச் சொல்லைச் சொல்லாமலேயே தப்பித்துக்கொண்டார்.

சரி, காஸ்கெல் எழுதியதே நமக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். கதையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றுதான் நினைக்கிறேன். நாலாம் அத்தியாயத்துக்குப் போங்கள். லூசி தன் இளமைக் காலத்து எட்டு வருஷத்தைச் சொல்லவேண்டிய இடம். அங்கே அவள் வாசகரிடம், என்னை அமைதியான கடலில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒரு படகாக நினைத்துக்கொள்ளுங்கள், நான் மறுக்கப்போவதில்லை என்கிறாள். அடுத்த பத்தியிலேயே, அப்படியானால் நான் எங்கோ கடலில் விழுந்திருக்க வேண்டும், கடைசியில் கப்பல் உடைந்துதான் இருக்க வேண்டும் என்கிறாள். கவனியுங்கள். கடைசிப் பக்கத்தில் செய்வதையே முதலிலும் செய்கிறாள். அதே கடல், அதே 'நீங்கள் நல்லபடியாக நினைத்துக்கொள்ளுங்கள்'. ஆனால் முதல் தடவை மூடியைத் திறந்து காட்டிவிடுகிறாள். இவள் 'நல்லபடியாக நினைத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று நமக்கு அங்கேயே சொல்லிக்கொடுத்தாகிவிட்டது.

அதே அத்தியாயத்தில் காற்றும் வருகிறது. அப்படி ஓலமிடும் காற்றை வாழ்க்கையில் மூன்று முறை கேட்டிருக்கிறேன், அது வந்தால் உயிருக்கு ஆகாது என்கிறாள். அயர்லாந்துக்காரர்கள் வீட்டில் சாவு விழப்போவதை அழுதே அறிவிக்கும் ஒரு பெண் ஆவியைப் பற்றிச் சொல்வார்கள், பான்ஷி என்று பெயர். அதை அங்கேயே குறிப்பிடுகிறாள். அன்றிரவே அவள் பார்த்துக்கொண்டிருந்த நோயாளி அம்மாள் இறந்துபோகிறாள். கடைசிப் பக்கத்தில் ஜன்னல் ஜன்னலாக வந்து அழுகிற காற்றை லூசி கூப்பிடும் பெயரும் பான்ஷிதான்.

இன்னும் ஒன்று, எனக்கு ரொம்ப வலித்தது இதுதான். அவர் ஊரில் இல்லாத அந்த மூன்று வருஷத்தை லூசி, என் வாழ்க்கையிலேயே மிக மகிழ்ச்சியான மூன்று வருஷங்கள் என்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் தலைமுடி வெளுத்த கிழவி. அவர் திரும்பி வந்து கல்யாணம் நடந்திருந்தால், பிரிந்திருந்த வருஷங்களை எந்தப் பெண்ணாவது அப்படிச் சொல்வாளா?

எல்லாக் கதையும் இப்படி என்று சொல்லமாட்டேன். ஃபிராங்க் ஸ்டாக்டன் 1882இல் எழுதிய ஒரு சிறுகதை உலகம் முழுக்கப் பிரபலம். இளவரசியின் காதலன் முன்னால் இரண்டு கதவுகள், ஒன்றில் புலி, ஒன்றில் வேறொரு பெண். இளவரசி ரகசியமாக ஒரு கதவைக் காட்டுகிறாள், அவன் திறக்கிறான், கதை அங்கே முடிகிறது. அதில் எவ்வளவு தேடினாலும் தராசு எந்தப் பக்கமும் சாயாது, ஏனென்றால் அங்கே கேள்வி அவன் பிழைத்தானா என்பது இல்லை, பொறாமை பெரிதா காதல் பெரிதா என்பது. எழுதியவருக்கே பதில் தேவைப்படாத கதை அது. 'வில்லெட்' அப்படி இல்லை. தராசு ஒரு பக்கம் நன்றாகவே சாய்ந்திருக்கிறது, அதன்மேல் ஒரு துணியைப் போட்டிருக்கிறார் சார்லட். சோம்பலில் பாதியில் விட்ட முடிவை எப்படி அடையாளம் காண்பது என்று குழுவில் ஒரு தம்பி கேட்டார். நான் செய்வது இதுதான்: கடைசிப் பக்கத்தைப் படித்தவுடன் முதல் அத்தியாயங்களுக்குத் திரும்பிப் போவேன். அங்கே ஏதாவது புதிதாகக் கண்ணில் பட்டால் எழுதியவர் யோசித்துத்தான் வைத்திருக்கிறார். ஒன்றுமே மாறாமல் இருந்தால், கதையை எங்கே கொண்டுபோவது என்று தெரியாமல் நிறுத்தியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகப் படுகிறது என்றால், எங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு கடைசிப் பக்கம் இருக்கிறது. என் தாத்தாவின் அண்ணன் சண்டைக்கு முன்னால் கப்பலேறி இங்கே வந்தவர், துறைமுகத்தில் வேலை. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரன் கைக்குப் போனதும் ஊருக்குக் கடிதம் நின்றுவிட்டது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் சேர்த்தபோது போனார் என்று யாரோ சொன்னதுதான் கடைசித் தகவல். பெரிய ஆத்தா ஊரில் இருந்தார்கள். இறந்தார் என்று யாரும் வந்து சொல்லாததால் கருமாதி நடக்கவில்லை, திதி கொடுக்க நாள் இல்லை, ஆத்தா கடைசிவரை குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார்கள். என் அம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது எப்போதும் ஒரே இடத்தில் நிறுத்துவார்: "சண்டை முடிஞ்சு மேலத்தெரு ஆளுக்குக் கடுதாசி வந்துச்சு, செட்டியார் வீட்டுப் பையன் நேர்லயே வந்துட்டான்." அவ்வளவுதான். மற்றவர்கள் கதையைச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். எல்லாருக்கும் தெரியும். யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, சொன்னால் அன்றைக்கே ஆத்தா தாலியைக் கழற்ற வேண்டியிருக்கும்.

லூசியும் இதைத்தான் செய்கிறாள். வாசகரை நிறுத்தச் சொன்ன பிறகு கதையில் இன்னும் சில வரிகள் இருக்கின்றன. மதாம் பெக் கடைசிவரை செழிப்பாக இருந்தார். பாதிரியார் சிலாசும் அப்படியே. மதாம் வால்ராவன்ஸ் தொண்ணூறு வயது நிறைந்த பிறகுதான் இறந்தார். விடைபெறுகிறேன். அவரைக் கடலுக்கு அனுப்பிய மூன்று பேரின் ஆயுசும் கணக்காக வந்துவிடுகிறது, கிழவிக்கு வயது உட்பட. அனுப்பப்பட்டவரின் பெயர் மட்டும் இல்லை. முதல் தடவை படித்தபோது இந்த வரிகள் எதற்கு என்றே எனக்குப் புரியவில்லை, இப்போது அம்மா எழுந்து அடுப்படிக்குப் போவது ஞாபகம் வருகிறது.

நேற்று டீச்சருக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். நாலாம் அத்தியாயத்தை எடுத்து நான் சொல்லச் சொல்லப் பார்த்தார், பான்ஷி வரும் இடத்தைச் சத்தமாகவே வாசித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நீ சொல்றது எல்லாம் சரிதான்மா. ஆனா செத்துட்டார்னு அவ சொல்லலையே? எனக்கு அவர் வந்துட்டார்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை.