மூலிகை பட்டியலில் எந்த இடத்தில்?
“லேபிளில் உள்ள சேர்மானப் பட்டியலில் மூலிகைப் பெயர் இருந்தால் நம்பி வாங்கலாம்” என்பார்கள் – எந்த இடத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். ஷாம்பூ, கிரீம் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள்தான் முதலில் வரும். 1 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ளவற்றை மட்டும் கடைசியில் எந்த வரிசையிலும் போடலாம். இதில் ஃபீனாக்ஸிஎத்தனால் நல்ல அடையாளக் கல். இந்தப் பதப்படுத்தியின் உச்சவரம்பே 1 சதவீதம்தான். ஆகவே தண்ணீர், சோடியம் லாரெத் சல்பேட், கிளிசரின், ஃபீனாக்ஸிஎத்தனால், அதற்குப் பிறகு கரிசலாங்கண்ணிச் சாறு என்றிருந்தால், முன்பக்கம் எவ்வளவு பெரிய இலைப் படம் போட்டிருந்தாலும் சாறு 1 சதவீதத்தைத் தாண்டாது. அந்தச் சாற்றிலும் பெரும்பகுதி தண்ணீராகவோ கிளிசரினாகவோ இருக்கலாம். ஆயுர்வேத மருந்து உரிமத்தில் வரும் எண்ணெய் என்றால் கணக்கு வேறு: “ஒவ்வொரு 10 மில்லியிலும்” என்று தொடங்கும் மில்லிகிராம் அளவுகளோடு நிறுத்தாமல், கடைசியில் ‘தேவையான அளவு’ என வரும் அடிப்படை எண்ணெய் நல்லெண்ணெயா, லிக்விட் பாரஃபினா என்று பாருங்கள். பாட்டிலில் பெரும்பங்கு அதுதான்.